பார்த்தவர், விண்ணப்பிக்காதவர்

வேலை தேடுகிறவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அவர்கள் தாமாகவே வந்து கதவைத் தட்டுவார்கள். சபிஹாவின் திறமை எல்லாம், எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டாமல் போனவர்களிடத்தில்தான் இருந்தது.

மதுரை காளவாசல் பக்கம், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இயங்கியது பாண்டி கேரியர்ஸ். மில், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, பரவை மார்க்கெட்டின் கமிஷன் மண்டி என்று யாருக்கு ஆள் வேண்டுமோ அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனம். முதலாளி அழகுபாண்டி, பேரையூர் பக்கத்தில் பயிர் செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மழையை நம்பிக் கெட்டது போதும், மனுஷனை நம்பிக் கெடுவோம் என்று இந்தத் தொழிலுக்கு வந்ததாக அவரே சொல்லிக்கொள்வார்.

சபிஹா காஜிமார் தெருக்காரி. பி.காம். முடித்து, கல்யாணமாகி, மகள் ஜஸீலா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, போன் பேசும் வேலைக்கு என்று இங்கே வந்தாள். வந்தவள் போனிலேயே நின்றுவிடவில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் வேலை தேடும் செயலி ஒன்று உண்டு. பெயரும் போன் நம்பரும் கொடுத்து உள்ளே நுழைந்தால்தான் எந்த அறிவிப்பையும் திறந்து படிக்க முடியும். படித்துவிட்டு விண்ணப்பிக்காமல் போனவர்கள், அறிவிப்புப் போட்ட நிறுவனத்துக்குப் ‘பார்த்தவர்கள்’ என்று தனியாகத் தெரிவார்கள். நம்பர் தெரியாது, பெயர் மட்டும் தெரியும். செயலி வழியே அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பலாம். பதில் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. எல்லா நிறுவனங்களும் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே விட்டிருந்தன. சபிஹா திறந்தாள்.

‘வணக்கம். எங்கள் அறிவிப்பைப் பார்த்தீர்கள், விண்ணப்பிக்கவில்லை. பரவாயில்லை. மனதில் ஒரு கேள்வி தடுத்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள், உடனே பதில் சொல்கிறேன்.’

அழகுபாண்டி முதலில் சிரித்தார். “என்னத்தா இது, கடைக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்குறவனக் கையப் பிடிச்சு இழுக்கிற கதையால்ல இருக்கு?”

“டவுன்ஹால் ரோட்டுல எங்க வீட்டுக்காரர் கடையில அப்படித்தாண்ணே யாவாரமே நடக்குது” என்றாள் சபிஹா. அவள் கணவன் தவ்பீக் அங்கே சூட்கேஸ், பைகள் விற்கிறான்.

செய்தி வேலை செய்தது. தங்கப்பொண்ணு என்றொரு பெண், ஜவுளிக்கடை வேலையைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காதவள், பதில் போட்டாள்: ‘உக்கார சேர் உண்டாக்கா?’ கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் போட்டும் சேர் வராத கடைகள் உண்டு என்பது சபிஹாவுக்குத் தெரியும். கடைக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டாள். இருக்கிறது என்றார். சேரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினார். தங்கப்பொண்ணு அந்தச் சேரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இப்படிக் கேள்விகளாகப் படித்துப் படித்து, சபிஹாவுக்குக் கேள்வி சாஸ்திரமே கைவந்துவிட்டது. பக்கத்து மேஜைத் தாமரைச்செல்விக்கு அதைப் பாடமாகவும் சொல்லிக்கொடுத்தாள். சம்பளம் எவ்வளவு என்று எடுத்ததும் கேட்பவன், வேறு இடத்தில் சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறான். லீவு கேட்பவள் லீவு போடுவாள். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டால் வீட்டில் பிரச்சினை. ஏன் இந்த இடம் காலியானது என்று கேட்பவன் கெட்டிக்காரன்; ஆகவே அவனை எந்த முதலாளிக்கும் பிடிக்காது. கேள்வி கேளுங்கள் என்று ஊரையே அழைத்துவிட்டு, கேட்கப்பட்ட கேள்வியை வைத்தே கேட்டவரை எடைபோடுவது நியாயமா என்று தாமரைச்செல்வி ஒருநாள் கேட்டாள்.

“நியாயமில்லதான். ஆனா தப்பா வந்ததில்லயே” என்றாள் சபிஹா.

அந்த ஆபீஸில் எல்லோரும் உறவு. அழகுபாண்டி அண்ணன், பெண்கள் எல்லோரும் தங்கச்சிகள். உறவில் ஒரு சௌகரியம்: தங்கச்சியை லீவு நாளிலும் வரச்சொல்லலாம். ஒரு சங்கடமும் உண்டு: அண்ணனிடம் பதவி கேட்க முடியாது. ‘அடுத்த வருஷம் நம்ம டீமுக்கு லீடு நீதான் தங்கச்சி’ என்று ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொரிகடலைப் பொட்டலத்தோடு அழகுபாண்டி ஒரு வாக்குறுதியும் கொடுப்பார். பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோவாள் சபிஹா. வாக்குறுதி ஆபீஸிலேயே கிடக்கும். லீடு வேலையைச் செய்வது அவள்தான். லீடு என்ற பெயர்தான் இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு; எல்லோருக்கும் உண்டென்பதால் அதை யாரும் கெட்டது என்று சொல்வதில்லை. ஆள் பிடித்துக் கொடுக்கும் அடுத்த கன்சல்டன்சி போடும் அறிவிப்புகளைத் திறந்து மோப்பம் பிடிப்பது. ஆள் கேட்கும் கிளையன்ட்டின் பெயரை யாரும் போடமாட்டார்கள். ‘முன்னணி நிறுவனம்’ என்றுதான் இருக்கும். மதுரையில் முன்னணியில் இல்லாத நிறுவனமே கிடையாது. ஊர், ஷிஃப்ட் நேரம், வேலை விவரம் இவற்றை வைத்து, ஆள் தேடுவது யார் என்று கண்டுபிடித்து, அந்த முதலாளியிடம் நாமே போய் நிற்க வேண்டும். இதற்கென்றே ஆபீஸில் ஒரு பழைய போனும் பொய்ப்பெயரும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் காசிமாயன், டிப்ளமோ. இதுவரை மதுரையிலுள்ள எல்லா வேலைகளையும் பார்த்தவர், எதற்குமே விண்ணப்பிக்காதவர்.

அன்று காசிமாயன் சார்ஜ் இல்லாமல் கிடந்தார். திருநகரில் விக்ரம் என்பவன் நடத்தும் கன்சல்டன்சி புதிதாக ஒன்று போட்டிருப்பதாகத் தாமரைச்செல்வி சொன்னதும், சபிஹா தன் சொந்தப் போனிலேயே திறந்துவிட்டாள். அதில், வேலைக்கு வந்த காலத்தில் பழகிப் பார்ப்பதற்காக அவள் போட்டுவைத்த கணக்கு இருந்தது. ‘சபிஹா, டெலிகாலர்’ என்று இன்னமும் இருந்தது. ஊர்க்காரர்களின் பயோடேட்டாவை எல்லாம் புதுப்பிக்கச் சொல்கிறவள் தன்னுடையதைத் தொட்டதேயில்லை.

அறிவிப்பு இப்படி இருந்தது: ‘மதுரையின் முன்னணி மனிதவள நிறுவனத்துக்கு டீம் லீட் தேவை. மில், ஜவுளி, மருத்துவமனை கிளையன்ட்டுகளைக் கையாண்ட அனுபவம் அவசியம். சொந்த வண்டி வேண்டும். பேரையூர், பரவை உட்பட வெளியூர்ப் பயணம் உண்டு. வார விடுமுறை செவ்வாய்.’

கடைசி வரிக்கு வந்ததும் அவள் பெருவிரல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்து செவ்வாய்க்கிழமை மூடுகிற கன்சல்டன்சி இந்த ஊரிலேயே ஒன்றுதான். ஞாயிறன்றுதான் ஆட்களுக்கு இண்டர்வியூவுக்கு வரத் தோதுப்படும். செவ்வாயன்று நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள், கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். இது அழகுபாண்டி சொந்தமாகக் கண்டுபிடித்த சித்தாந்தம். சலூன்காரர்களும் பாண்டி கேரியர்ஸும்தான் செவ்வாய்க்கு லீவு.

எதிரியின் கிளையன்ட்டைக் கண்டுபிடிக்கப் போனவள் தன் முதலாளியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“யாருக்கா, எந்தக் கம்பெனி?” என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

“தெரியல. ஏதோ சின்னக் கம்பெனி” என்றாள் சபிஹா. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

தனக்குத் தானே முடிவெட்டிக்கொள்ள முடியாது என்பது உண்மைதான். ஊருக்கெல்லாம் ஆள் பிடிக்கிறவர் தனக்கு ஆள் பிடிக்க இன்னொருவரிடம் போனதில் தொழில்முறையில் தவறு எதுவுமில்லை. ரகசியமாகத் தேட வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். யாரிடமிருந்து ரகசியம் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது போனில் மணி அடித்தது. செயலியிலிருந்து செய்தி.

‘வணக்கம் சபிஹா. எங்கள் அறிவிப்பைப் பார்த்தீர்கள், விண்ணப்பிக்கவில்லை. பரவாயில்லை. ஒரே ஒரு கேள்வி இருந்தால் கேளுங்கள், உடனே பதில் சொல்கிறோம். விக்ரம்.’

பின்னல் பாதியில் நின்றது. விக்ரமுக்கு அவளைத் தெரியாது; பார்த்தவர்கள் எல்லோருக்கும் மொத்தமாகத் தட்டிவிட்டிருப்பான். வாசகத்தைத் தன்னிடமிருந்துதான் சுட்டிருக்கிறான் என்பதும் தெரிந்தது. ‘உடனே’யைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் தெரிந்தும், யாரோ தன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு என்னம்மா யோசனை என்று கேட்டது போல நெஞ்சுக்குள் ஏதோ ஆயிற்று. தான் அனுப்பிய செய்திகள் போன இடங்களிலெல்லாம் இப்படித்தான் செய்திருக்குமோ என்று முதல் முறையாகத் தோன்றியது.

“ம்மா, பின்னுங்க” என்றாள் ஜஸீலா.

அன்றிலிருந்து சபிஹாவுக்கு இருப்பு கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. வண்டியை பைபாஸ் ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தவள் காளவாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். சிவகாசி அச்சகத்துக்குத் தேடிய ஆளை ஆஸ்பத்திரி பில்லிங்குக்கு அனுப்பப் பார்த்தாள். கேள்வியை எழுதுவாள், அழிப்பாள்.

‘சம்பளம் எவ்வளவு?’ எழுதினாள். வேறு இடத்தில் பேசிக்கொண்டிருப்பவள். அழித்தாள். ‘பயணம் வாரத்தில் எத்தனை நாள்?’ வீட்டில் பிரச்சினை. அழித்தாள். ‘ஏன் இந்த இடம் காலி?’ கெட்டிக்காரி. அதையும் அழித்தாள். மற்றவர்களை எடைபோட அவள் செய்துவைத்த தராசில் அவளே ஏறி நின்றுகொண்டு, முள் எந்தப் பக்கமும் நிற்க மறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் அழகுபாண்டி மூலை மேஜையைக் காலி செய்யச் சொன்னார். “புதுசா ஒரு ஆளு வந்தாலும் வரும்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராத அளவுக்கு அவர் நல்லவர். சொல்லாமல் இருக்கத் தெரிந்த அளவுக்குக் கெட்டிக்காரர்.

சாயங்காலம் தவ்பீக் கடைக்கே போய்விட்டாள். சூட்கேஸ்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“இதுக்கா இம்புட்டு ரோசனை? நேரா போயி அண்ணன்ட்ட கேளு. ஏண்ணே எனக்குச் சொன்ன வேலைய வெளிய போட்டீங்கன்னு” என்றான் தவ்பீக்.

“கேட்டா, எதும்மா, எந்த வேலைம்பாரு. விளம்பரத்துல கம்பெனி பேரு இல்லல.”

“அப்ப விடு. வேற கம்பெனி பாரு.”

“எதுக்கு? நான் வளத்த கம்பெனி. அதுல எவனோ வந்து உக்காந்து எனக்கே பாடம் எடுப்பான். நான் அவனுக்கு டீ சொல்லவா?”

தவ்பீக், வாசலில் நின்று ஒரு டிராலி பையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளைக் காட்டினான். “அந்தா நிக்கிறாரே, முக்கா மணி நேரமா பாக்குறாரு. வாங்கவும் மாட்டேங்குறாரு, போகவும் மாட்டேங்குறாரு. உன்னையும் அவரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வைக்கலாம்.”

“நீங்க போயி என்ன வேணும்னு கேளுங்களேன்.”

“கேட்டா போயிருவாரு சபி. அவருக்கே என்ன வேணும்னு தெரியணும்ல.”

வண்டியில் திரும்பி வரும்போது அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே வந்தது. அவளுக்கு என்ன வேண்டும்? சம்பள விவரம் இல்லை. அது அவளுக்கே தெரியும், அந்த ஆபீஸின் சம்பளப் பட்டியலைப் போடுவதே அவள்தான். பயணமும் பிரச்சினை இல்லை. தவ்பீக்கின் உம்மா சைனப், பேத்தியைப் பார்த்துக்கொள்ள யோசிக்கமாட்டார்; மருமகளிடம் திருப்பி விடுவதற்குத்தான் யோசிப்பார். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதி எழுதி அழித்திருக்கிறாள்.

மறுநாள், ஆபீஸில் உட்கார்ந்தபடியே, மேஜைக்கு அடியில் போனை வைத்துத் தட்டினாள்.

‘அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாமா?’

அனுப்பினாள். எந்த எடையிலும் அடங்காத கேள்வி என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் போனை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

விக்ரம் பதில் போட்டான். ‘நல்ல கேள்வி மேடம். ஆனா கம்பெனி பேர் நாங்க சொல்லலையே. எப்படித் தெரியும்?’

‘செவ்வாய் லீவு’ என்று மட்டும் எழுதினாள்.

தனக்கு விடை தெரியாத கேள்வி வந்தால் ஆள் பிடிக்கிற ரெக்ரூட்டர் செய்யக்கூடியது ஒன்றுதான்: கிளையன்ட்டைக் கூப்பிட்டுக் கேட்பது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழகுபாண்டியின் போன் அடித்தது.

“சொல்லு மாப்ள” என்றவர், கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “யாரு கேட்டது?” என்றார். “பேரச் சொல்றா.” அப்புறம் தலையைத் தூக்கி, கண்ணாடி வழியே சபிஹாவைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். “டீ குடிச்சியா தங்கச்சி?”

“குடிச்சாச்சுண்ணே.”

“தாமரை, நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா.”

“நானும் குடிச்சிட்டேண்ணே” என்றாள் தாமரைச்செல்வி. இந்த நேரத்தில் எழுந்துபோக அவளுக்கென்ன பைத்தியமா?

அழகுபாண்டி மூலை மேஜையின் விளிம்பில் உட்கார்ந்தார். “காசிமாயன் போன் எங்க போச்சு? சொந்த நம்பர்ல போயா பாக்குறது?”

“சார்ஜ் இல்லண்ணே.”

“தொழில்ல இப்படித் தப்புப் பண்ணலாமா?”

“தப்புத்தான். விளம்பரத்துல செவ்வாய் லீவுன்னு போட்டதும் தப்புத்தான். கிளையன்ட் யாருன்னு தெரியிற மாதிரி எழுதக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க.”

இதற்கு அவர் கொஞ்சம் அசந்துதான் போனார். இரண்டு ரெக்ரூட்டர்கள் சண்டை போட்டாலும் முதலில் வாசகத்தில் உள்ள பிழையைத்தான் பேசுவார்கள்.

“இல்ல ஆத்தா, நான் என்ன நெனச்சேன்னா... லீடுன்னா சும்மா உக்காந்திருக்க முடியாது. பேரையூரு போகணும், மில்லுக்காரங்க கூட மல்லுக்கட்டணும். நீ சின்னப் புள்ளைய வச்சுக்கிட்டு, உங்க வீட்டுல என்ன சொல்லுவாகளோன்னுதான்.”

“என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்களா?”

“எப்படிக் கேப்பேன்? கேட்டா நீ மாட்டேன்னு சொல்லவும் சங்கடம், சரின்னு சொல்லவும் சங்கடம்.”

“அதான் ஊர்ல உள்ளவங்க எல்லார்ட்டயும் கேட்டீங்க, என்னைத் தவிர.”

தாமரைச்செல்வி கீபோர்டில் எதையோ தட்டினாள். திரையில் என்ன வந்ததோ, அவளுக்கே தெரியாது.

“சரி, நீயும்தான் பாத்த” என்றார் அழகுபாண்டி, கொஞ்சம் கோபமாகவே. “பாத்துட்டு ஏன் வாயத் தொறக்கல? என்ட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?”

அது நியாயமான அடி. இரண்டு பேரும் கேட்காதவர்கள். இரண்டு பேருக்கும் தொழில், கேட்கச் சொல்வது.

அவள் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அறிவிப்பு திறந்திருந்தது. கீழே ‘விண்ணப்பி’ என்ற பச்சைப் பொத்தான். அதன்மேல் பெருவிரலைக் கொண்டுபோனாள். தொடவில்லை.

அழகுபாண்டி எழுந்து நின்றுவிட்டார். “ஏய், ஏய், அத அமுக்கிராத!”

காரணம் மூன்று பேருக்கும் தெரியும். எந்தக் கன்சல்டன்சி வழியாக விண்ணப்பம் முதலில் வருகிறதோ, ஆளைச் சேர்த்தால் அதற்குத்தான் கட்டணம். கிளையன்ட் ‘அந்த ஆளை எனக்கு முன்னமே தெரியும்’ என்று சொன்னால் எடுபடாது. அப்படிச் சொன்ன மில் முதலாளிகளின் வாசலில் போய் நின்று, வாக்குவாதம் செய்து கட்டணம் வாங்கியே வளர்ந்தவர் அழகுபாண்டி. தன் சொந்தத் தங்கச்சியைத் தன் ஆபீஸில் சேர்த்துவிட்டதற்காக விக்ரம் பில் அனுப்பினால், அவர் எந்த முகத்தோடு மறுப்பார்? ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டு, அடுத்த முறை கட்டணம் கேட்கப் போகும்போது இதைச் சொல்லிக் காட்டும்.

“கேட்ட கேள்விக்குப் பதில் வரலண்ணே” என்றாள் சபிஹா. “விண்ணப்பிக்கலாமா, கூடாதா?”

“விண்ணப்பிக்க வேணாம். நீதான் லீடு. போதுமா? விளம்பரத்த எடுக்கச் சொல்லிட்டு வாரேன்.”

“பேரையூர்?”

“நீதான் போற. புதன்கிழமை நீ வருவேன்னு மில்லுக்குச் சொல்லிர்றேன்.”

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் விரல் பொத்தானை விட்டு நகரவில்லை. வாயால் சொன்னதை நம்பி இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து அழுதவர்களின் குரலை அவள் போனில் நிறையக் கேட்டிருக்கிறாள். ‘மெயில் வராம நம்பாதீங்க’ என்று அவர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள்.

“மெயில் அனுப்பிருங்கண்ணே.”

“நம்ம ஆபீஸ் தங்கச்சி இது! நான் உனக்கு மெயிலா அனுப்பணும்? அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?”

“அண்ணன் மேல இருக்கு. முதலாளிட்டதான் மெயில் கேக்குறேன்.”

அழகுபாண்டி தாமரைச்செல்வியைப் பார்த்தார், ஏதாவது ஆதரவு கிடைக்குமா என்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே கேபினுக்குள் போனார். உட்கார்ந்து தட்டினார். சபிஹா வேலைக்கு வந்த நாளாக அவர் தன் கையால் மெயில் அடித்ததில்லை, எல்லாம் அவள்தான் அடிப்பாள். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அமுக்குவது கண்ணாடி வழியே தெரிந்தது. இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்து, “டெசிக்னேசனுக்கு என்ன ஸ்பெல்லிங்?” என்று கேட்டார். சொன்னாள்.

மெயில் வந்தது. சபிஹா நிதானமாகப் படித்தாள். பதவி சரி. பயணப்படி இருந்தது. பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது, போகட்டும். பொறுப்பேற்கும் நாள் என்ற இடத்தில் ‘விரைவில்’ என்று இருந்தது.

எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

“இன்னும் என்ன ஆத்தா?”

“விரைவில்னு எந்தக் காலண்டர்லண்ணே இருக்கு?”

அழகுபாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீபோர்டை இழுத்து, மறுபடியும் எழுத்துகளைத் தேடத் தொடங்கினார். சபிஹா நின்றபடியே காத்திருந்தாள்.